டச் செத்த போனிலிருந்து ஃபைல்களை மீட்பது: ஒரு கோத்தகிரிப் போனை முன்வைத்து

ஐப்பசி மழைக் காலத்தில் கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரின் போன், இலை பறிக்கும் இடத்தில் கல்மேல் விழுந்தது. கண்ணாடி மூலையிலிருந்து குறுக்கே விரிசல் விட்டது. படம் தெரிகிறது, மணி அடிக்கிறது, டச் மட்டும் எங்கே தொட்டாலும் வேலை செய்யவில்லை. உள்ளே இருந்தவை: மூன்று வருட இலை எடைச் சீட்டுப் போட்டோக்கள், பட்டா நகல்கள், மகள் கல்யாண வீடியோக்கள், வாட்ஸ்அப். மொத்தம் 18 ஜிபி. எதற்கும் பேக்கப் கிடையாது. காண்டாக்ட் கூட கூகுளில் இல்லை, போனிலேயே சேமித்து வைத்திருந்தார்.

கடைக்கு வருபவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: "அண்ணா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துடட்டுங்களா?"

"வேண்டாம்ங்க. அது மட்டும் வேண்டாம்."

டச் உடைந்த போனைப் பொறுத்தவரை மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருக்கும் ஃபைல்கள் பூட்டிய நிலையில், அதாவது குறியாக்கம் செய்யப்பட்டு, கிடக்கின்றன. போன் ஆன் ஆனதும் ஒருமுறை பின் நம்பரையோ பேட்டர்னையோ போட்ட பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கிறது. திறந்த பூட்டு, போன் ஓடிக்கொண்டிருக்கும் வரை திறந்தே இருக்கும். அதனால்தான் நாள் முழுக்க விரல் வைத்தால் போதும் என்றிருக்கிறது. போனை அணைத்து எழுப்பினாலோ, சார்ஜ் தீர்ந்து அதுவே அணைந்தாலோ, விரல்ரேகையும் முகமும் செல்லாது. பின் நம்பர்தான் வேண்டும், அதைத் தட்டத்தான் டச் இல்லையே. ரீஸ்டார்ட் செய்து டச் திரும்பி வந்த போன்கள் உண்டு, ஆனால் அவை மென்பொருள் தொங்கிப்போன போன்கள். விரிசல் விட்ட கண்ணாடியை ரீஸ்டார்ட் ஒட்டவைக்காது.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. கடைசியாகப் பின் போட்டு 72 மணி நேரம் ஆகிவிட்டால், ஆண்ட்ராய்டு தானாகவே விரல்ரேகையை ஒதுக்கிவிட்டுப் பின்னைக் கேட்கும். மழையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை, அடுத்த வாரம் டவுனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்த போன்கள் இப்படித்தான் சிக்கலாகின்றன. ஆகவே போன் விழுந்த அன்றே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, சார்ஜரில் போட்டு வைப்பது. மலையில் மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பவர்பேங்க் இருந்தால் அதிலேயே வைக்கலாம். இரண்டு, பின் நம்பரோ பேட்டர்னோ உண்மையாகவே தெரியுமா என்று பார்த்துக்கொள்வது. மகன் போட்டுக் கொடுத்த பேட்டர்னை விரல் மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். ஒரு தாளில் ஒன்பது புள்ளி வைத்து, யோசிக்காமல் வரைந்து பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஈரத்தையும் சொல்லியாக வேண்டும். பனியும் மழைச்சாரலும் விரிசல் வழியே இறங்கினால், செத்த டச் பேய் டச் ஆகிவிடும். யாரும் தொடாமலேயே திரை தன்னால் அழுத்திக்கொள்ளும். பூட்டுத் திரையில் அது தப்பான பின்னை வரிசையாகப் போட்டுத் தள்ளும். ஒவ்வொரு தப்புக்கும் போன் காக்க வைக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். சில போன்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தப்பு விழுந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. அகலமான செலோ டேப்பை விரிசலின் மேல் முழுக்க ஒட்டி, திரையை அணைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்தால் இது அடங்கும். அரிசிப் பானை எதற்கும் உதவாது. அடுப்பு மேடையில் காயவைப்பது அதைவிட மோசம். சூடான சமையலறையில் இருந்து குளிர்ந்த அறைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் ஈரக்காற்று கண்ணாடிக்கு அடியில் நீர்த்துளியாகப் படியும்.

இனி கோத்தகிரிப் போன். படம் தெரிகிறது, டச் மட்டும் இல்லை என்றால் எல்லாரும் சொல்லும் வழி ஓடிஜி அடாப்டரும் ஒரு மவுஸும். டைப்-சி முனையுள்ள சின்ன அடாப்டரில் சாதாரண ஒயர் மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும். இடது பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் அதுதான் ஸ்வைப், பேட்டர்னும் அப்படியே வரையலாம். பெரும்பாலான போன்களில் இது வேலை செய்யும், இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும்.

இந்தப் போனில் அம்புக்குறி வரவில்லை. இந்த இடத்தில் பலர் மவுஸ் சரியில்லை, போன் சரியில்லை என்று மாற்றி மாற்றிச் செருகிப் பொழுதைக் கழிப்பார்கள். பார்க்க வேண்டியது மவுஸின் அடிப்பக்கம். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் போன் மவுஸுக்குக் கரண்ட் கொடுக்கிறது, சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. எரியவில்லை என்றால் போன் கரண்டே கொடுக்கவில்லை. அடாப்டரைத் திருப்பிப் போட்டு, வேறு அடாப்டரும் போட்டுப் பார்த்தும் எரியவில்லை என்றால் அந்தப் போனில் ஓடிஜி அணைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓப்போ, ரியல்மி, விவோ போன்களின் பல மாடல்களில் ஓடிஜி என்பது செட்டிங்ஸில் தனியாக ஆன் செய்ய வேண்டிய ஒன்று. ஓப்போ, ரியல்மி மாடல்கள் பலவற்றில் ஆன் செய்தாலும் பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடுதான், டச் உடைந்த அன்று அதுவே கதவை அடைத்துவிடுகிறது. ஓடிஜியை ஆன் செய்ய டச் வேண்டும், டச்சுக்குப் பதில் மவுஸ் வைக்க ஓடிஜி வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க, யூஎஸ்பியில் யார் முதலாளி என்று புரிந்துகொண்டால் போதும். ஒரு யூஎஸ்பி இணைப்பில் ஒரு பக்கம் கரண்ட் கொடுத்துக் கட்டளையிடும், மறுபக்கம் கேட்கும். மவுஸை நேராகப் போனில் செருகும்போது போன் முதலாளி ஆக வேண்டும். ஓடிஜி என்பது அந்தப் பதவிதான். ஆனால் போனை ஒரு கம்ப்யூட்டரில் செருகினால் கம்ப்யூட்டர்தான் முதலாளி, போன் எப்போதும்போல வேலைக்காரன். அந்த நிலையிலேயே கம்ப்யூட்டர் போனிடம் "உன்னிடம் ஒரு மவுஸும் கீபோர்டும் இருப்பதாக வைத்துக்கொள்" என்று சொல்ல ஆண்ட்ராய்டில் ஒரு வழி இருக்கிறது. இதற்கு ஓடிஜி ஆன் ஆகி இருக்க வேண்டாம், டெவலப்பர் ஆப்ஷனும் யூஎஸ்பி டீபக்கிங்கும் வேண்டாம். அந்த வேலையைச் செய்வது scrcpy என்ற இலவச மென்பொருள். பலருக்கு அது போன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்டும் கருவியாகத் தெரியும். அந்த வேலைக்கு டீபக்கிங் வேண்டும், நமக்கு அது வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது 1.22-வது பதிப்பில் வந்த `--otg` என்ற முறை மட்டும்.

இதை லினக்ஸ் லேப்டாப்பில் செய்வது சுலபம். விண்டோஸிலும் நடக்கும், ஆனால் போனுக்கு விண்டோஸ் கொடுக்கும் டிரைவர் குறுக்கே நின்று, `Could not find any USB device` என்று வந்து நிற்பது சகஜம். டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட உபுண்டு போட்ட பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை எழுப்புவது நேரம் மிச்சம். உபுண்டுவில் scrcpy-ஐ இன்ஸ்டால் செய்ததும் முதலில் பதிப்பைப் பார்க்க வேண்டும், பழைய உபுண்டுவில் கிடைப்பது 1.22-க்கு முந்தையதாக இருக்கலாம்.

```
scrcpy --version
lsusb
scrcpy --otg
```

நடுவில் உள்ள `lsusb`, போன் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா என்று காட்டும். கேபிளைச் செருகுவதற்கு முன்பும் பின்பும் ஓட்டினால் ஒரு வரி கூட வேண்டும். கூடவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா ஒயர் இல்லாத கேபிள்கள் ஏராளம். வரி கூடியும் மூன்றாவது கட்டளை அனுமதி இல்லை என்று மறுத்தால் முன்னால் `sudo` சேர்த்து ஓட்டலாம். ஓடியதும் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் போனின் படம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஜன்னலுக்குள் ஒருமுறை கிளிக் செய்தால் லேப்டாப்பின் மவுஸ் போனுக்குப் போய்விடும். கண் போனின் திரையில் இருக்க வேண்டும், கை லேப்டாப்பில். மவுஸைத் திரும்ப லேப்டாப்புக்குக் கொண்டுவர இடது Alt. இன்னொரு லாபம், இந்த நேரம் முழுக்கப் போன் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். ஓடிஜியில் மவுஸ் போட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும்.

கோத்தகிரிப் போனில் விரல்ரேகை பக்கவாட்டுப் பட்டனில் இருந்தது அதிர்ஷ்டம். விழுந்த மறுநாளே கொண்டு வந்ததால் 72 மணி கெடுவும் தாண்டவில்லை. விரல் வைத்ததும் திறந்தது. திரைக்கு அடியில் விரல்ரேகை உள்ள போன்களில் விரிசல் அந்த இடத்தின் மேல் ஓடினால் அதுவும் போச்சு, பின்னை லேப்டாப் கீபோர்டிலேயே தட்டி Enter கொடுக்க வேண்டும்.

அம்புக்குறி வந்ததும் நேராக ஃபைல் எடுக்கப் பாயக் கூடாது. முதலில் டிஸ்ப்ளே செட்டிங்கில் `Screen timeout` என்பதை இருப்பதிலேயே நீளமான நேரத்துக்கு மாற்ற வேண்டும். அடுத்து காண்டாக்ட். கூகுளின் காண்டாக்ட்ஸ் ஆப்பில் `Export to file` கொடுத்தால் எல்லா எண்களும் ஒரே .vcf ஃபைலாக `Download` ஃபோல்டரில் வந்து உட்காரும். இதைச் செய்யாமல் ஃபோல்டர்களை மட்டும் எடுத்தால், எவ்வளவு ஜிபி எடுத்தாலும் அதில் ஒரு போன் நம்பர்கூட இருக்காது. மூன்றாவது வாட்ஸ்அப்: `Settings`, `Chats`, `Chat backup` என்று போய் ஒருமுறை `Back up` கொடுக்க வேண்டும். போனுக்குள் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் நகல் இரவு 2 மணிக்குத்தான் தானாக எழுதப்படுகிறது. கையால் கொடுத்தால் இந்த நிமிடம் வரை உள்ளது அதில் சேரும்.

பிறகுதான் ஃபைல். போனின் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்தால் யூஎஸ்பி வழியாக சார்ஜ் ஆகிறது என்ற வரி இருக்கும். அதைத் தட்டி `File transfer` என்று மாற்ற வேண்டும். மாற்றிய நொடியில் scrcpy ஜன்னல் மூடிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். போன் யூஎஸ்பியில் வேறு வேஷம் போட்டுக்கொண்டு புதிதாக வந்து நிற்கிறது, பழைய இணைப்பு அறுந்தது, அவ்வளவுதான். இப்போது லேப்டாப்பின் ஃபைல் ஜன்னலில் போன் தெரியும். தெரிந்தும் உள்ளே காலியாக இருந்தால் போன் பூட்டிக்கொண்டது என்று பொருள், இன்னொரு முறை விரல் வைத்துத் திறந்தால் ஃபோல்டர்கள் வரும்.

எடுக்க வேண்டியவை `DCIM`, `Pictures`, `Download`, `Documents`, பிறகு `Android/media/com.whatsapp/WhatsApp`. கடைசியில் உள்ளதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய போன்களில் வாட்ஸ்அப் ஃபோல்டர் வெளியிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு அது உள்ளே போய்விட்டது. இலை எடைச் சீட்டுகளில் பாதி, ஃபேக்டரிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள். `DCIM`-ஐ மட்டும் எடுத்திருந்தால் அந்தப் பாதி போயிருக்கும்.

18 ஜிபியை ஒரே இழுப்பில் எடுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுப்பது நல்லது. வினாடிக்கு 20 எம்பி வேகம் கிடைத்தால் பெரிய வீடியோக்களுக்குக் கால் மணி நேரக் கணக்கு. ஆனால் ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் வரும்போது வேகம் படுத்துவிடும், முக்கால் மணி கூட ஆகும். நடுவில் நின்றால் எது வந்தது எது வரவில்லை என்று தேடாமல் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் இரு பக்கமும் எத்தனை ஃபைல் என்று ஒப்பிட வேண்டும், எண்ணிக்கை ஒத்துப்போனால் அடுத்ததுக்குப் போகலாம். இந்தப் போனில் `DCIM`-இல் நான்கு ஃபைல் குறைந்தது. நான்கும் கல்யாண வீடியோ. கேபிள் லேசாக ஆடியதில் அறுந்திருந்தது. திரும்ப எடுத்ததும் வந்துவிட்டன.

லேப்டாப்பே இல்லை, மவுஸ் வேலை செய்கிறது என்றால் யூஎஸ்பி ஹப் ஒன்றில் மவுஸையும் பென்டிரைவையும் சேர்த்துச் செருகி, போனுக்குள் இருக்கும் ஃபைல் ஆப்பிலேயே காப்பி செய்யலாம். பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். FAT32-இல் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, நீளமான வீடியோ அங்கேதான் சிக்கும். மலிவான பென்டிரைவ் வினாடிக்கு 8 எம்பி எழுதினால் இதே 18 ஜிபிக்கு நாற்பது நிமிடம். கூகுள் டிரைவில் ஏற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு: சரிவில் உள்ள ஊர்களில் 2 எம்பிபிஎஸ் அப்லோட் கிடைத்தால் 18 ஜிபிக்கு இருபது மணி நேரம், அதுவும் சிக்னல் ஒருமுறைகூடப் போகாமல் இருந்தால்.

திரை முழுக்கக் கருப்பு என்றால் கணக்கு வேறு. எல்சிடி திரையாக இருந்தால் இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. மேலே சொன்னதை எல்லாம் டார்ச் வெளிச்சத்திலேயே செய்துவிடலாம், கண் வலிக்கும், அவ்வளவுதான். சாம்சங்கின் உயர் ரக கேலக்ஸி போன்கள் போலச் சிலவற்றில் டைப்-சி வழியாக டிவிக்குப் படம் அனுப்ப முடியும், எச்டிஎம்ஐ ஹப் இருந்தால் டிவியில் பார்த்து வேலையை முடிக்கலாம். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் போன்களில் அநேகமாக அந்த வசதி இருக்காது. அவற்றுக்குக் கண்ணாடி, டச், திரை மூன்றும் ஒன்றாக வரும் டிஸ்ப்ளே காம்போவை மாற்றுவதுதான் வழி. ஃபைல் மட்டும் போதும் என்றால் ஒட்டாமல் கனெக்டரை மட்டும் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தரும் கடைகளும் உண்டு, முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் காம்போ மாட்டுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றியாக வேண்டும். பேட்டரி இணைந்திருக்கும்போதே டிஸ்ப்ளேயை மாட்டினால் போர்டில் பின்விளக்குப் பகுதி ஷார்ட் ஆகலாம், அவசரக்காரர்கள் செய்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் போன் அணையும். அணைந்தால் விரல்ரேகை செல்லாது. ஆக, பின் தெரியாத போனுக்குப் புது டிஸ்ப்ளே போட்டுப் பயன் இல்லை. காசு கொடுப்பதற்கு முன்பே அந்தத் தாளில் ஒன்பது புள்ளி வரைந்து பார்த்துவிட வேண்டும்.

ஐபோனுக்கு இவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. பூட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் அது யூஎஸ்பியில் புதிய கருவிகளை ஏற்காது. பழைய ஐஓஎஸ் என்றால், முன்பே நம்பச் சொல்லி வைத்த கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் அதில் பேக்கப் எடுத்துப் பார்க்கலாம், இப்போதையதில் அதற்கும் போனிலேயே பாஸ்கோடைப் போட வேண்டும். இல்லையென்றால் திரையை மாற்றுவதுதான் நேரான வழி.

கோத்தகிரிப் போனில் கடைசியாக இருந்த வேலை வாட்ஸ்அப். பையன் புதுப் போனை வாங்கி வந்து, சிம்மை மாற்றி, வாட்ஸ்அப்பைத் திறந்து நம்பரைப் போடப் போனான். அங்கே நிறுத்த வேண்டி வந்தது. புதுப் போனில் நம்பரை உறுதி செய்த உடனே பழைய போனின் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், அதற்குப் பிறகு அதில் புதிதாக பேக்கப் எடுக்க முடியாது. வரிசை இதுதான்: பழைய போனில் பேக்கப், பிறகு ஃபோல்டரை எடுப்பது, பிறகு புதுப் போனில் வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்து திறக்காமலேயே விட்டு, `Android/media/com.whatsapp/WhatsApp` என்ற அதே பாதையில் `Databases`, `Media` இரண்டையும் வைப்பது. கடைசியில்தான் திறந்து நம்பரைப் போட்டு, பேக்கப் இருக்கிறது, மீட்கவா என்று கேட்கும்போது ஆம் என்பது. அந்த `Databases` ஃபோல்டரில் உள்ள `msgstore.db.crypt14` அல்லது `crypt15` ஃபைலை வேறு எந்த ஆப்பிலும் திறந்து படிக்க முடியாது, அதே நம்பரில்தான் திறக்கும். பேக்கப்புக்கு என்று தனியாகப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ போட்டிருந்தால் அதையும் கேட்கும். இவர் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. ஓடிபி வந்து, மெசேஜ்கள் ஏறி முடிய ஆறு நிமிடம் ஆனது. முதலில் தேடிப் பார்த்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு எடைச் சீட்டு. இருந்தது.